நாணயம் ஏன் இரண்டு முறை சுழல்கிறது?

ஒரே அளவுள்ள இரண்டு ரூபாய் நாணயங்களை மேசை மேல் அருகருகே படுக்க வையுங்கள். ஒன்றை விரலால் அசையாமல் அழுத்திக்கொண்டு, மற்றொன்றை அதன் விளிம்பை ஒட்டியபடி வழுக்காமல் முழுதாக ஒரு சுற்று உருட்டுங்கள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் உருளும் நாணயம் தன்னைத் தானே எத்தனை முறை சுழன்றிருக்கும்?

பெரும்பாலோர் ஒன்று என்பார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமாகத்தான் தெரிகிறது. இரண்டு நாணயங்களுக்கும் சுற்றளவு ஒன்றே. உருளும் நாணயத்தின் விளிம்பு, நிற்கும் நாணயத்தின் விளிம்பு முழுவதையும் ஒருமுறை அளந்துவிடுகிறது. அப்படியானால் ஒரு சுழற்சி தானே? ஆனால் உருட்டிப் பார்த்தால் விடை இரண்டு. 1867இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதே கேள்வி எழுந்தபோது ஆசிரியர் குழு ஒன்று என்று பதில் சொன்னது. உடனே மறுப்புக் கடிதங்கள் குவியத் தொடங்கின, விவாதம் அடுத்த ஆண்டும் ஓயவில்லை.

முதலில் கண்ணால் பார்த்துவிடலாம். நிற்கும் நாணயத்தை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். உருளும் நாணயத்தை 12 மணி இடத்தில், அதிலுள்ள சிங்கச் சின்னம் நேராக நிற்கும்படி வையுங்கள். இப்போது சிங்கங்களின் பீடம் இருக்கும் கீழ்ப்பக்கம் நிற்கும் நாணயத்தைத் தொடுகிறது. அப்படியே வலப்பக்கமாக உருட்டி 3 மணி இடத்துக்குக் கொண்டு வாருங்கள். சிங்கம் தலைகீழாக இருக்கும். கால் சுற்றுதான் போயிருக்கிறது, அதற்குள் நாணயம் அரைச் சுழற்சி சுழன்றுவிட்டது. இன்னும் கால் சுற்று உருட்டி 6 மணி இடத்துக்கு வந்தால் சிங்கம் மறுபடி நேராக நிற்கும். அதாவது பாதி வழியிலேயே ஒரு முழுச் சுழற்சி முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் இன்னொன்று.

6 மணி இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். இந்தப் புதிரின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. புறப்படும்போது நிற்கும் நாணயத்தைத் தொட்டது பீடம். இப்போது தொடுவது சிங்கங்களின் தலைப்பக்கம். ஆக, உருளும் நாணயத்தின் விளிம்பில் பாதி நீளம்தான் செலவாகியிருக்கிறது. அந்த வகையில் ஒன்று என்று சொன்னவர்களின் நீளக் கணக்கு சரியே: பாதிச் சுற்றுக்குப் பாதி விளிம்பு. ஆனால் பாதி விளிம்பு செலவாகும் நேரத்தில் சின்னம் முழுதாக ஒரு முறை சுழன்று நிமிர்ந்துவிட்டது. எவ்வளவு விளிம்பு தொட்டது என்பதும் எவ்வளவு சுழன்றது என்பதும் இங்கே வேறு வேறு கணக்குகள்.

சமமான மேசை மேல் ஒரு நாணயத்தை நிமிர்த்தி நேர்கோட்டில் உருட்டினால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஒரு சுற்றளவு தூரம் போனால் ஒரு சுழற்சி. நம் உள்ளுணர்வு முழுக்க அந்த நேர்கோட்டில் பழகியது. பாதை வளையும்போது மட்டும் அந்தச் சமன்பாட்டில் ஒரு துண்டு விட்டுப்போகிறது. அந்தத் துண்டைத் தனியே பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு.

இந்த முறை நாணயத்தை உருட்டாதீர்கள், தேய்த்துக்கொண்டு போங்கள். பீடம் எப்போதும் நிற்கும் நாணயத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும். 3 மணி இடத்தில் பீடம் இடப்பக்கம் நோக்கியிருக்கும், 6 மணி இடத்தில் மேல்நோக்கியிருக்கும், 9 மணி இடத்தில் வலப்பக்கம், 12க்குத் திரும்பும்போது பழையபடி கீழ்நோக்கி. விளிம்பு துளிகூட உருளவில்லை. ஆனாலும் நாணயம் தன்னைத் தானே முழுதாக ஒரு முறை திரும்பிவிட்டது. ஒரு வளைவைச் சுற்றி வந்ததற்கே ஒரு சுழற்சி சேர்ந்துவிடுகிறது. நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுவது இந்த வகைதான். பூமியிலிருந்து பார்க்கும் நமக்கு அது சுழலாதது போலத் தெரியும். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சுழல்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துவிடலாம். வளைவைச் சுற்றி வந்ததற்கு ஒன்று, விளிம்பு நீளத்தை உருண்டு கடந்ததற்கு ஒன்று, ஆக இரண்டு. நாணயம் உருளும் திசையும் அது சுற்றி வரும் திசையும் ஒன்றே என்பதால் இரண்டும் கூடுகின்றன. இது முக்கியம், ஏனென்றால் அவை எதிர்த்திசையில் இருக்கும் சந்தர்ப்பமும் பின்னால் வரப்போகிறது.

நீங்களே செய்து பார்க்கும்போது கணக்கு இடிப்பதற்குப் பெரும்பாலும் வழுக்கல்தான் காரணம். நாணய விளிம்பு மழமழப்பானது, விரல் நம்மை அறியாமலே அதைத் தேய்த்து இழுத்துவிடும். வழுக்கியதா என்று கண்டுபிடிப்பது சுலபம். சுற்று முடியும்போது பீடம் சரியாகத் தொடுபுள்ளியில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் அந்த அளவுக்கு வழுக்கியிருக்கிறது. சோடா பாட்டில் மூடிகள் இரண்டை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும். அந்த மூடிகளின் ஓரத்தில் 21 மடிப்புகள் பற்கள் போல இருக்கும், ஒன்றின் பல் மற்றதன் இடுக்கில் விழுந்து பிடித்துக்கொள்ளும். மூடியின் மேல் ஓர் அம்புக்குறி வரைந்துவிட்டு, அறையின் ஏதாவது ஒரு சுவரை நோக்கி அது எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுங்கள். எண்ணும்போது நிற்கும் மூடியைப் பார்த்து எண்ணக் கூடாது, சுவரைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். ஏன் என்பது சீக்கிரமே தெரியவரும்.

சரி, பொது விதி என்ன? அதற்கு விளிம்பை விட்டுவிட்டு மையத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வட்டம் வழுக்காமல் உருளும்போது, தொடுபுள்ளி அந்தக் கணத்துக்கு அசைவற்று நிற்கிறது. வழுக்கவில்லை என்பதன் பொருளே அதுதான். ஆகவே அந்தக் கணத்தில் வட்டம் முழுவதும் தொடுபுள்ளியை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. மையம் அந்த அச்சிலிருந்து எப்போதும் ஓர் ஆர தூரத்தில் இருக்கிறது. எனவே வட்டம் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ, அதை ஆரத்தால் பெருக்கிய தூரம் மையம் நகரும். ஒரு முழுச் சுழற்சிக்கு மையம் நகரும் தூரம் சரியாக ஒரு சுற்றளவு. கீழே இருப்பது நேர்கோடா, வளைவா, மேடா, குழியா என்று இதில் எந்த நிபந்தனையும் இல்லை. ஆக விதி இதுதான்:

சுழற்சிகள் = மையம் கடந்த தூரம் ÷ உருளும் வட்டத்தின் சுற்றளவு

நேர்கோட்டில் உருளும்போது மையமும் தரையும் கடக்கும் தூரம் ஒன்றே, அதனால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. சம நாணயங்களில் உருளும் நாணயத்தின் மையம், நிற்கும் நாணயத்தின் மையத்திலிருந்து இரண்டு ஆர தூரத்தில் போகிறது. அது கடக்கும் வட்டம் நாணயத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு. அதனால் இரண்டு சுழற்சிகள்.

நிற்கும் வட்டத்தின் ஆரம் R, உருளும் வட்டத்தின் ஆரம் r என்று வைத்துக்கொண்டால், வெளிப்புறமாக உருளும்போது மையம் R + r ஆரமுள்ள வட்டத்தில் போகும். அதை r-ஆல் வகுத்தால்:

(R + r) / r = R/r + 1

R/r என்பது விளிம்பு நீளங்களின் விகிதம், நம் உள்ளுணர்வு சொல்லும் எண். கூடவே நிற்கும் அந்த 1, சுற்றி வந்ததற்கான சுழற்சி. R எவ்வளவு பெரியதானாலும் சிறியதானாலும் அது மாறுவதில்லை. R-ஐக் குறைத்துக்கொண்டே போய்ப் பூச்சியமாக்கிவிடுங்கள். அதாவது நிற்கும் வட்டத்துக்குப் பதில் ஓர் ஊசிமுனை மட்டும் இருக்கிறது, நாணயம் அதைத் தன் விளிம்பில் தொட்டபடி சுற்றி வருகிறது. அளப்பதற்கு விளிம்பே இல்லை, R/r பூச்சியம். ஆனாலும் நாணயம் ஒரு முறை சுழல்கிறது. கூடுதல் சுழற்சியை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த ஒன்றை விட்டுவிட்டதால் ஒரு தேசியத் தேர்வே தடுமாறிய கதை உண்டு. 1982 மே மாதம் அமெரிக்காவில் நடந்த எஸ்.ஏ.டி. கல்லூரி நுழைவுத் தேர்வில், ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தைச் சுற்றி உருளும் கேள்வி வந்தது. சிறிய வட்டம் A-இன் ஆரம், பெரிய வட்டம் B-இன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. A, B-ஐச் சுற்றி உருண்டு தொடங்கிய இடத்துக்கே வருகிறது. அதற்குள் A மொத்தம் எத்தனை சுழற்சிகள் சுழலும்? கொடுக்கப்பட்ட விடைகள் ஐந்து: 3/2, 3, 6, 9/2, 9. தேர்வை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த விடை 3. மேலே உள்ள விதிப்படி விடை 3 + 1 = 4. அது பட்டியலிலேயே இல்லை.

சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வு அது. கேள்வி தவறு என்று மூன்று மாணவர்கள் மட்டும் எழுதி அனுப்பினார்கள். தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அமைப்பு தவறை ஒப்புக்கொண்டு, அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு எல்லோருடைய மதிப்பெண்களையும் மறுபடி கணக்கிட்டது. கேள்வி தயாரித்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. பெரிய வட்டத்தின் சுற்றளவைச் சிறிய வட்டத்தின் சுற்றளவால் வகுப்பது அவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது, அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கடிகார முகத்தில் வைத்துப் பார்க்கலாம். B கடிகாரம். அதன் 12 மணி இடத்தில் A நிற்கிறது. A-இன் உள்ளே நேர் மேலே நோக்கி ஓர் அம்பும், B-ஐத் தொடும் அடிப்புள்ளியில் ஒரு மைப்பொட்டும் இருக்கட்டும். A-இன் சுற்றளவு B-இன் சுற்றளவில் மூன்றில் ஒன்று என்பதால், மைப்பொட்டு மறுபடி B-ஐத் தொடும் இடம் 4 மணி. அதற்கடுத்து 8 மணி, பிறகு 12. ஆக மைப்பொட்டு படுவது மூன்று முறை. இதுதான் தேர்வுக்காரர்களின் 3.

ஆனால் 4 மணி இடத்தில் அம்பு எங்கே நோக்குகிறது? மைப்பொட்டு B-இன் மையத்தை நோக்கியிருக்கிறது, எனவே அம்பு B-ஐ விட்டு வெளியே, 4 மணி முள் காட்டும் திசையிலேயே நோக்கும். அதாவது நேர் மேலே இல்லை, வலப்பக்கமாக 120 பாகை சாய்ந்திருக்கிறது. A ஒரு முழுச் சுழற்சியை முடித்து, அதற்கு மேலும் 120 பாகை திரும்பிவிட்டது. அப்படியென்றால் முழுச் சுழற்சி எப்போது முடிந்தது? 3 மணி இடத்திலேயே. அம்பு நேர் மேலே நிற்கும் இடங்கள் 3, 6, 9, 12. நான்கு முறை. மைப்பொட்டு 4, 8, 12 மணிகளில் படுகிறது, அம்பு 3, 6, 9, 12 மணிகளில் நிமிர்கிறது. ஒவ்வொரு முறை மைப்பொட்டு படும்போதும் மூன்றில் ஒரு சுழற்சி உபரியாகச் சேர்கிறது. மூன்று முறை படும்போது அது ஒரு முழுச் சுழற்சி ஆகிவிடுகிறது.

எனவே 3 என்பது பொருளற்ற எண் அல்ல. B-இன் மையத்தில் ஒருவர் நின்று, A போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தால், அவர் எண்ணுவது 3 தான். அவரும் கூடவே ஒரு முறை திரும்பிவிட்டார், அந்த ஒன்று அவர் கணக்கில் வராது. மேசைக்கு வெளியே அசையாமல் நின்று பார்ப்பவர் எண்ணுவது 4. தன்னைத் தானே எத்தனை முறை சுழன்றது என்று கேட்டால், மாறாத ஒரு திசையை வைத்துத்தான் எண்ண வேண்டும். சோடா மூடியைச் சுவரைப் பார்த்து எண்ணச் சொன்னது இதனால்தான்.

இனி உட்புறத்துக்கு வருவோம். நிற்பது ஒரு வளையம், அதன் உள் விளிம்பில் நாணயம் உருளுகிறது. இப்போது மையம் போகும் வட்டத்தின் ஆரம் R − r. எனவே சுழற்சிகள் R/r − 1. இங்கே நாணயம் சுழலும் திசையும் சுற்றி வரும் திசையும் எதிரெதிர். வலமாகச் சுற்றி வந்தால் இடமாகச் சுழலும். விளிம்பு உருண்டு தரும் சுழற்சியிலிருந்து, சுற்றி வந்ததால் வரும் ஒரு சுழற்சி கழிந்துவிடுகிறது. மூன்று மடங்கு பெரிய வளையத்துக்குள் உருண்டால் இரண்டே சுழற்சிகள். வளையமும் நாணயமும் ஒரே அளவென்றால் விதி பூச்சியம் என்கிறது. நாணயம் வளையத்தில் இறுகிப் பொருந்தி நிற்கும், உருள இடமே இருக்காது.

இரண்டு மடங்கு வளையம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. R = 2r என்றால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு சுழற்சி, எதிர்த்திசையில். நாணயத்தின் மையம் வலமாக எத்தனை பாகை போகிறதோ, நாணயம் இடமாக அத்தனை பாகை சுழல்கிறது. தொடக்கத்தில் தொடுபுள்ளியில் இருந்த மைப்பொட்டைக் கவனியுங்கள். மையம் அதை ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும் அளவுக்குச் சுழற்சி அதை மறுபக்கமாக இழுத்துவிடுகிறது. இரண்டும் சம அளவு, எதிர்த் திசை. அதனால் குறுக்கு நகர்வு முழுவதும் அடிபட்டுப் போகிறது. மைப்பொட்டு வளையத்தின் விட்டத்தின் மேல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போய்வருகிறது. வட்டங்களை மட்டும் கொண்டு ஒரு நேர்கோடு. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் நசீருத்தீன் அல்-தூசி இந்த அமைப்பைக் கோள்களின் இயக்கத்தை விளக்கப் பயன்படுத்தினார். தூசி இணை என்ற பெயர் அவரால் வந்தது.

நிற்பது வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுர அட்டையைச் சுற்றி 1 செ.மீ. ஆரமுள்ள நாணயம் உருளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்களில் உருளும்போது மையமும் 10 செ.மீ. நேராகப் போகும். மூலையை அடைந்ததும் நாணயம் அந்த மூலைப்புள்ளியைத் தொட்டபடியே 90 பாகை திரும்பி அடுத்த பக்கத்துக்கு மாறும், ஊசிமுனையைச் சுற்றியது போலவே. நான்கு மூலைக்கும் சேர்த்து 360 பாகை, அதாவது ஒரு சுழற்சி. மொத்தம் 40 ÷ 6.283 + 1, சுமார் 7.37 சுழற்சிகள். முக்கோணம், அறுகோணம், நீள்வட்டம் எதுவாக இருந்தாலும், வெளிப்பக்கம் புடைத்த மூடிய வடிவமென்றால் மூலைகளிலும் வளைவுகளிலும் திரும்பும் மொத்தக் கோணம் 360 பாகைதான். சுற்றளவு L என்றால் எப்போதும் L/(2πr) + 1. வடிவம் எப்படி வளைந்தாலும் கடைசியில் தொடங்கிய திசைக்கே திரும்பி வந்தாக வேண்டும், அதற்குள் ஒரு முழுச் சுற்று திரும்பியே ஆக வேண்டும். கூடுதல் 1 மாறாமல் இருப்பதற்கு அடிப்படை இதுவே.

ஆனால் இதை அப்படியே உட்புறத்துக்குப் புரட்டிப் போட்டு L/(2πr) − 1 என்று எழுதிவிட்டால், சதுரத்தில் தவறிவிடும். அதே 10 செ.மீ. சதுரச் சட்டத்துக்குள் அதே நாணயத்தை உருட்டுங்கள். நாணயம் மூலைக்குள் போகவே முடியாது. ஒரு பக்கத்தில் உருண்டு வரும்போது, மூலைக்கு 1 செ.மீ. முன்னதாகவே அடுத்த பக்கத்தில் முட்டி நின்றுவிடும். அங்கிருந்து அடுத்த பக்கத்தில் உருளத் தொடங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் இரு முனைகளிலும் 1 செ.மீ. தொடப்படாமலே போகிறது. மையம் போவது 8 செ.மீ. பக்கமுள்ள சதுரம், மொத்தம் 32 செ.மீ. 32 ÷ 6.283 என்பது சுமார் 5.09 சுழற்சிகள். கழித்தல் விதி சொல்வதோ 5.37. உள்விளிம்பின் எந்த இடத்திலும் வளைவு, உருளும் நாணயத்தின் வளைவைவிடக் கூர்மையாக இல்லாமல், நாணயம் ஓர் இடம் விடாமல் தொட்டுப் போக முடிந்தால் மட்டுமே −1 விதி செல்லும். சந்தேகம் வந்தால் மையத்தின் பாதையை வரைந்து அளந்துவிடுவதே பத்திரம். மையத்தின் தூரத்தை அளக்கும் விதி சதுரச் சட்டத்துக்குள்ளும் ஏமாற்றவில்லை பாருங்கள்.

இதே கணக்கு இரும்பில் வார்க்கப்பட்டு வேலை செய்திருக்கிறது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தில் மேலும் கீழுமாக ஆடும் தண்டின் இயக்கத்தைச் சுழலும் இயக்கமாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு எளிய வழியான வளைதண்டு முறைக்கு வேறொருவர் காப்புரிமை வைத்திருந்தார். அதனால் வாட் 1781இல் சூரியன்–கோள் பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நடுவே எந்திரத்தின் அச்சில் ஒரு பற்சக்கரம், அது சூரியன். எந்திரத் தண்டின் நுனியில் அதே அளவுள்ள இன்னொரு பற்சக்கரம், அது கோள். கோள் சக்கரம் தண்டோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும், சுழலாது. தண்டு ஆடும்போது அது சூரியச் சக்கரத்தைச் சுற்றி வரும், அவ்வளவுதான்.

கோள் ஒரு முறை சுற்றி வந்தால் அச்சு எத்தனை முறை சுழலும்? நம் நாணயங்களில் நடுவில் இருந்தது நின்றது, வெளியில் இருந்தது சுழன்றது. இங்கே வெளியில் இருப்பது சுழலவில்லை, நடுவில் இருப்பது சுழல்கிறது. கோளோடு சேர்ந்து சுற்றி வரும் ஒருவரின் கண்ணால் பார்த்தால், இரண்டு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு முறை சுழல்கின்றன, சம பற்கள் என்பதால். அவர் தானும் ஒரு முறை சுற்றிவிட்டதால், இரண்டு சக்கரங்களுக்கும் ஒவ்வொரு சுழற்சியைச் சேர்க்க வேண்டும். கோளுக்கு −1 + 1 = 0. சூரியச் சக்கரத்துக்கு 1 + 1 = 2. தண்டு ஒரு முறை ஏறி இறங்கினால் அச்சு இரண்டு முறை சுழலும். சாதாரண வளைதண்டு ஒரு முறைதான் சுழற்றும். மெதுவாக ஆடிய அந்தக் கால எந்திரத்துக்கு இந்த இருமடங்கு வேகம் நல்ல பயனாக இருந்தது. 1785இல் லண்டனில் விட்பிரெட் மது ஆலைக்காகச் செய்யப்பட்ட இப்படிப்பட்ட எந்திரம் ஒன்று இப்போது சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாட்டின் எந்திரத்துக்குப் போட்ட கணக்கில் பற்கள் ஒன்றை ஒன்று தொடுவது எங்கே தேவைப்பட்டது என்று பாருங்கள். முதல் 1-க்குத்தான். கடைசியில் சேர்த்த 1, பார்ப்பவர் சுற்றி வந்ததால் வந்தது, தொடுதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் எதையும் தொடாமல் சுற்றும் கோள்களுக்கும் அந்த ஒன்று பொருந்துகிறது.

பூமியில் நாம் ஒரு நாள் என்று சொல்வது சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வரும் நேரம், 24 மணி. சூரியனைப் பார்த்து எண்ணுவது என்பது நடுவில் நிற்கும் நாணயத்தைப் பார்த்து எண்ணுவதுதான். அப்படி எண்ணினால் ஓர் ஆண்டுக்குச் சுமார் 365.24 நாள். தொலைவிலுள்ள விண்மீன்களை வைத்து எண்ணினால் பூமி 366.24 முறை சுழன்றிருக்கும். பூமி சுழலும் திசையும் சூரியனைச் சுற்றும் திசையும் ஒன்றே என்பதால், வெளிப்புறமாக உருளும் நாணயத்தைப் போல ஒன்று கூடுகிறது. அதனால் பூமியின் உண்மையான ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம் 24 மணியைவிடக் கொஞ்சம் குறைவு: 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. அந்த 3 நிமிடம் 56 வினாடி மிச்சத்தை 366 முறை சேர்த்தால் கிட்டத்தட்ட முழுதாக ஒரு நாள் கிடைத்துவிடும்.

இதை வானத்திலேயே பார்க்கலாம். ஒரு விண்மீன் இன்று எழும் நேரத்தைவிட நாளை ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக எழும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். கார்த்திகை மாதம் மாலை மயங்கும் நேரத்தில் கிழக்கே எழுந்திருக்கும் கார்த்திகை மீன்கூட்டம், மாசி தொடக்கத்தில் அதே நேரத்துக்கு உச்சி வானத்தை எட்டியிருக்கும். மே மாதத்தில் சூரியனின் ஒளியில் மறைந்தே போய்விடும். ஓர் ஆண்டில் வானம் முழுவதும் இப்படி ஒரு சுற்று நகர்ந்துவிடுகிறது. கூடுதலான அந்த ஒரு சுழற்சிதான் இது.

எதிர்த்திசைக்கும் வானத்தில் உதாரணம் உண்டு. வெள்ளிக் கோள் தான் சுற்றி வரும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது. சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கு 224.7 பூமி நாட்கள் ஆகின்றன. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுழற்சிக்கு 243 நாட்கள். அதாவது ஒரு வெள்ளி ஆண்டில் அது சுழல்வது 224.7 ÷ 243, சுமார் 0.925 முறை, எதிர்த்திசையில். உள்ளே உருளும் நாணயத்தின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: விண்மீன் கணக்கு என்பது நடுவிலிருந்து எண்ணும் கணக்கில் ஒன்று குறைவு. அப்படியானால் சூரியனை வைத்து எண்ணும் கணக்கு 0.925 + 1 = 1.925. ஒரு வெள்ளி ஆண்டில் இரண்டு நாள்கூட முழுதாக ஆவதில்லை. 224.7-ஐ 1.925-ஆல் வகுத்தால், வெள்ளியில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே சுமார் 116.7 பூமி நாட்கள். சுழற்சி எதிர்த்திசை என்பதால், அங்கே சூரியன் உதிப்பது மேற்கில்.